யாரையும் குறிப்பிட்டு எழுதியது அல்ல

1

வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்தச் செய்தி வந்தது. நான் இருப்பது ஜெர்மனியின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். துணி இறக்குமதிக் கிடங்கு ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் எதை அனுப்பிக்கொண்டிருந்தேனோ அதையே இங்கே பெட்டி பிரித்துப் பார்க்கிறேன். தயிர்சாதத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு போனைத் திறந்தேன்.

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழு அது. திருப்பூரில், அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேஅவுட். நாலு தெரு, அறுபது எழுபது வீடு. பாதி வீடுகளில் கீழே தையல் மிஷின் ஓடும், மேலே குடியிருப்பார்கள். அம்மா போன பிறகு என் அப்பா அங்கே தனியாக இருக்கிறார். ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். நான் ஒரே மகள்.

குழுவின் அட்மின் சண்முகண்ணன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. பேக்கிங் செக்‌ஷனில் மேனேஜராக இருந்தவர் என்பதால் எதை எழுதினாலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதுபோல எழுதுவார். அன்றைய செய்தி இது:

“குழு உறவுகளுக்கு அன்பான வணக்கம். சமீப காலமாக ஒரு சில அன்பர்கள் குழுவின் நோக்கத்தை அறியாமல் பதிவிடுவதால் மற்றவர்களுக்குச் சிரமம் ஏற்படுகிறது. எனவே இன்று முதல் கீழ்க்கண்ட விதிமுறைகளைக் கடைப்பிடிக்கவும்.

1. காலை வணக்கம், பூ படம், பார்வர்டு மெசேஜ் வேண்டாம்.

2. அரசியல், சாதி, மதம் வேண்டாம்.

3. தண்ணீர், கரண்ட், குப்பை வண்டி, தெருவிளக்கு போன்ற பொது விஷயம் மட்டும் பதிவிடவும்.

4. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை பதிவிட வேண்டாம். எந்த ஊரில் இருந்தாலும் நம் ஊர் நேரத்தைக் கணக்கில் கொள்ளவும்.

5. ஒரு வீட்டாரின் சொந்த நிலவரத்தைக் குழுவில் விசாரிக்க வேண்டாம். தேவைப்பட்டால் அவர்களையே நேரில் அழைத்துப் பேசிக்கொள்ளவும்.

மீறும் பதிவுகள் நீக்கப்படும். தொடர்ந்தால் உறுப்பினரும் நீக்கப்படுவார். இது யாரையும் தனிப்பட்ட முறையில் குறிப்பிட்டு எழுதியது அல்ல. நன்றி.”

முதல் மூன்றும் உலகத்தில் எல்லாக் குழுவிலும் இருப்பவை. அவற்றைத் தாண்டி நாலாவதுக்கு வந்தபோது காது சூடாயிற்று. எந்த ஊரில் இருந்தாலும் என்கிறார். அந்தக் குழுவில் வேறு ஊரில் இருப்பவள் நான் ஒருத்திதான். ஐந்தாவதைப் படித்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

2

அதற்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை முடிந்து வீடு திரும்ப மாலை ஆறாகும். குளிர்காலத்தில் அப்போது ஊரில் இரவு பத்தரை. இங்கே மதியம் கூப்பிட்டால் அங்கே சாயங்காலம், அப்பா நடக்கப் போயிருப்பார், போன் வீட்டில் கிடக்கும். ஆக மாலையில்தான் பிடிக்க முடியும். அன்று ஐந்தாறு முறை அடித்தும் எடுக்கவில்லை. எடுக்காத போனின் ஒலி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நீளமாகக் கேட்கும். குழுவில் எழுதினேன்: “அப்பா போன் எடுக்கவில்லை. யாராவது தயவுசெய்து பார்க்க முடியுமா?”

அது முதல் தடவை இல்லை. இரண்டாவதும் இல்லை.

ஆட்கள் போனார்கள். கேட்டைத் தட்டினார்கள். பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா ஆட்களில் ஒருவர் சுவர் ஏறிக் குதித்துக் கதவைத் தட்டினார். அப்பா குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். துண்டோடு வெளியே வந்தார். எதிர்வீட்டுச் சித்ரா அதை அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டாள்: “அப்பா நல்லாருக்காருங்க அக்கா, கவலை வேண்டாம்.” டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு அப்பா. சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

நான் அந்தப் படத்துக்கு இதயம் போட்டேன். “எல்லாருக்கும் கோடி நன்றி” என்று எழுதினேன். அப்புறம் நிம்மதியாக சப்பாத்தி போட்டேன்.

3

சண்முகண்ணன் செய்தியைப் போட்ட கையோடு, அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார். அதனால் யாரும் பதில் எழுத முடியாது. கட்டைவிரல், கும்பிடு மட்டும் போடலாம். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. செய்திக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தைத் தொட்டால் யார் யார் என்று பெயர் தெரியும். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தெருமுனை மளிகைக்கடைக்காரர், கட்டைவிரல். சித்ரா, கும்பிடு. சித்ராவின் வீட்டுக்காரர், கட்டைவிரல். இவர்கள்தான் அன்று டார்ச்சோடு போனவர்கள். போகும்போது என்ன பேசிக்கொண்டு போயிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கத் தோன்றியது.

நான் என்ன போடுவது? கட்டைவிரல் போட்டால், சொரணையில்லாதவள். போடாவிட்டால், கோபித்துக்கொண்டாள். செய்தியை எப்போதும் குழுவின் மேலேயே தெரியும்படி ‘பின்’ வேறு குத்தி வைத்துவிட்டார். அப்பா சம்பந்தமாக எதைப் பார்க்கத் திறந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

ஊரில் சாயங்காலமானதும் குழுவைத் திறந்துவிட்டார். முதல் ஆளாக வந்தவர் பழனிசாமி என்ற பெரியவர். தினமும் காலையில் ரோஜாப்பூவும் முருகனும் அனுப்புகிறவர். “என்னால் குழுவினருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். இனி பூ அனுப்ப மாட்டேன்” என்று எழுதினார். உடனே எல்லாரும் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். “ஐயா, உங்களைச் சொல்லலீங்க.” “உங்க முருகனைப் பார்த்துத்தானுங்க பொழுது விடியுது.”

அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பூ அனுப்பியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட முடிகிறது. அவரைச் சொல்லவில்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அப்படியானால் யாரைச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நானும் எழுத உட்கார்ந்தேன். “அண்ணா, நான் ஏதாவது” என்று ஆரம்பித்து அழித்தேன். “இனிமேல் கவனமாக” என்று ஆரம்பித்து அழித்தேன். அப்போதுதான் உறைத்தது: நான் எழுத எழுத, குழுவைத் திறந்து வைத்திருக்கும் எல்லார் போனிலும் என் பெயரைப் போட்டு, எழுதுகிறார் என்று காட்டிக்கொண்டிருக்கும். எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சித்ராவிடமிருந்து தனியாக ஒரு செய்தி. “அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்களைச் சொன்னது இல்லீங்க.”

அதோடு சந்தேகத்துக்கு மிச்சமில்லாமல் போயிற்று.

4

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், படிப்பதற்கு எழுத்துக் கூட்ட வேண்டும். அவளிடம் காட்டினேன். பாதியில் பொறுமை இழந்து, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு ஜெர்மனில் படித்தாள்.

“இதுல உன் பேரே இல்லையேம்மா.”

“இல்லாட்டி என்ன? நாலாவதையும் அஞ்சாவதையும் படி.”

“படிச்சேன். மரியாதையாத்தான் இருக்கு. உனக்கு டவுட்டுன்னா அவர்கிட்ட கேளு. இது நானான்னு.”

அப்படிக் கேட்க முடியாது என்பதை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. கேட்டால் அவர், “ஐயோ, இல்லீங்க அம்மிணி” என்பார். அப்புறம் நான் அதை என்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அவர் இல்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை என்பதும் தெரிந்துபோகும். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு ‘ங்க’ இருக்கிறது. சண்டையைக்கூட அதை வைத்துக்கொண்டேதான் போடுவோம். அந்த மரியாதைக்குள் யார் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

இங்கேயும் பெயர் போடாமல் எழுதுகிறார்கள். வந்த புதிதில் எங்கள் மாடிப்படியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது படிக்கட்டுப் பக்கம் கதவைத் திறந்து வைக்கக்கூடாது என்று. ‘மான்’ இப்படிச் செய்யக்கூடாது, ‘மான்’ ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று வரிக்கு வரி இருந்தது. பொதுவாக ‘ஒருவர்’ என்று சொல்ல அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. எனக்குத் தெரியாது. யாரோ ஓர் ஆம்பளையைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம், “இந்த ஆள் எந்த மாடி?” என்று கேட்டேன். அவர் என் தாளிப்பு வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். மொழி வகுப்பில் அந்தச் சொல் வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு பல நாள் அவர் படியேறும் சத்தம் அடங்கிய பிறகே கதவைத் திறந்தேன்.

மாடிப்படியில் மொழி தெரியாததால் புரியவில்லை. குழுவில் மொழி தெரிந்ததால் தப்பிக்க முடியவில்லை.

குழுவிலிருந்து விலகிவிடலாம் என்றும் நினைத்தேன். இப்போதெல்லாம் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் விலகியவர்கள் யார் என்று பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அது கிடக்கட்டும். விலகினால் அந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே ஜன்னல் அடைபட்டுவிடும். சண்முகண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டாலும் நான் பாட்டுக்கு இங்கே இருந்துவிடலாம். அப்பா அங்கேதானே இருக்க வேண்டும்? அவரை இங்கே கொண்டுவரவும் வழியில்லை. ஒருமுறை வருகை விசாவில் வந்தார். மூன்று மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்த பெண், “உங்கள் அப்பா தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா?” என்றார். ஆமாம் என்றேன் பெருமையாக. அப்படியானால் வழியில்லை என்றார். பிறர் கவனிப்பு இல்லாமல் இருக்கவே முடியாதவர்களுக்குத்தான் அனுமதியாம். வந்திருந்த நாட்களில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, “இங்க ரோட்ல ஆளே இல்லையே கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். விசா முடிய நாள் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்.

இந்த எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது வேறு. என்னைக் குழுவில் சேர்த்ததே சண்முகண்ணன்தான். அம்மாவின் காரியம் முடிந்து நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, “அம்மிணி, நீங்க தூரத்துல இருக்கறீங்க. எதுன்னாலும் குரூப்ல ஒரு வார்த்தை போடுங்க. நாங்க இத்தனை பேரு இருக்கறோமில்லீங்க” என்று அவரே நம்பரை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

5

பத்து நாள் போயிருக்கும். மாலை வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். அப்பா எடுக்கவில்லை. இன்னும் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஊரில் ஒன்பதரை தாண்டிவிட்டது. குழுவைத் திறந்தேன். மேலே குத்தி வைத்த செய்தி. மூடினேன். சித்ராவைக் கூப்பிட்டேன், போனை அணைத்து வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு மணி அடித்து நின்றது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தேன். கதவுக்குப் பின்னால் அப்பா விழுந்து கிடப்பதாக மனதில் ஒரு படம் வரும். எப்போதும் அதே படம், அதே தரை. அது வந்துவிட்டால் விதியாவது ஒன்றாவது.

ஆனாலும் குழுவில் எழுதக் கை வரவில்லை. எழுதினால் நீக்குவார், பதிவை நீக்குவார், இல்லை என்னை நீக்குவார். எல்லாரும் பார்ப்பார்கள். கடைசியில் சண்முகண்ணனையே கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் நான் குரலை இறக்கிக்கொண்டேன்.

“அண்ணா, மன்னிச்சுக்கோங்க. நேரமாயிருச்சு. விதி தெரியுங்க. அப்பா போன் எடுக்கல. உங்களுக்குச் சிரமமில்லாட்டி…”

“அப்பா நல்லாருக்காருங்க அம்மிணி.”

“இல்லீங்கண்ணா, நாலு தடவை அடிச்சுட்டேன்…”

“அட, இங்கதானுங்க இருக்காரு. எங்க ஊட்லதான். சீட்டு வெளையாடிட்டிருக்கறோம்.”

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

“போனை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டாரு” என்றார். பிறகு அவர் எழுந்து நடப்பது தெரிந்தது. சிரிப்புச் சத்தம் குறைந்தது. “அம்மிணி, நீங்க என்ற மேல வருத்தமா இருக்கறீங்கன்னு சித்ரா சொல்லுச்சுங்க.”

“வருத்தமெல்லாம் இல்லீங்கண்ணா.”

“இருக்குங்க. எனக்குத் தெரியும். அந்த நாலாவது, அஞ்சாவது… நானா எழுதலீங்க. அப்பா சொல்லித்தான் எழுதுனேன். பேரு போடாத, எம்பொண்ணு மனசு சங்கடப்படும்னு சொன்னாருங்க. மத்ததெல்லாம் சும்மா சேர்த்துனது. பாவம், அந்தப் பெரியவரு பூவை நிறுத்திப்போட்டாரு.”

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். “அப்பாகிட்டக் குடுங்கண்ணா” என்றேன்.

அப்பா வாங்கினார்.

“ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?” என்றேன்.

“உங்கிட்டச் சொன்னா நீ அழுவ கண்ணு. நீ அழுதீனா நான் சரின்னு சொல்லிப்போடுவேன்.”

“நான் பயந்துதானேப்பா கேட்டேன்?”

“பயப்படறது தெரியுது. ஆனா செத்துட்டனா இருக்கறனான்னு பார்க்க ஊரே வந்து கதவத் தட்டுது. நான் ஆளுங்க முன்னால துண்டைக் கட்டிட்டு நிக்கறேன். மக்கா நாள் டீக்கடைக்குப் போனா, ‘என்னங்கய்யா, குளிச்சாச்சா’ன்னு கேக்கறாங்க. ரூம்ல இருக்கற ஒடிசாக்காரனுக வரைக்கும் அந்தப் போட்டோவ அவனுக போன்ல வெச்சு எங்கிட்டயே காட்டறானுக.” நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீ அதுக்கு ஆர்ட்டு போட்டிருந்த.”

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எடுத்துடறேன்ப்பா” என்றேன்.

“அது கெடக்குது. ஒண்ணு கேட்டுக்க. ராத்திரி நான் எடுக்கலீனா தூங்கறேன், இல்ல சீட்டாடறேன்னு நெனச்சுக்க. காலையில நானே கூப்புடறேன்.”

“கூப்பிடலைன்னா?”

“கூப்பிடலீனா சண்முகத்தைக் கூப்புடு. அவன் ஒருத்தன் வரட்டும். ஊரு வர வேண்டாம்.”

“ஹால்ல ஒரு கேமரா வச்சுடலாம்ப்பா. யாருமே வரவேண்டாம். நான் மட்டும் பார்த்துக்கறேன்.”

“நான் ஊட்ல இருக்கறேனா, ஜெயில்ல இருக்கறேனா?” என்றார். “வெக்கறேன் கண்ணு. அவங்க காத்திட்டிருக்கறாங்க.”

இனியா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்புச்சி சொன்னது கேட்டுச்சா?” என்றேன்.

“எனக்கு முன்னாடியே தெரியும்மா.” மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எங்கிட்டச் சொன்னாரு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு.”

“நீயும் அவரும் பேசிக்கறீங்களா?”

“ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாரு. நான் எங்க இருக்கேன், சாப்பிட்டேனான்னு கேக்க மாட்டாரு. அதான் புடிக்கும்.”

போன கோடையில் அவள் தன் போனில் நான் அவள் இருக்குமிடத்தைப் பார்க்கும் வசதியை நிறுத்தி வைத்தாள். அதற்காக நாங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். அது இரண்டு பேருக்குமே அப்போது நினைவுக்கு வந்தது.

6

மறுநாள் சண்முகண்ணனிடம் அந்தப் படத்தை நீக்கச் சொன்னேன். அட்மின் மற்றவர்கள் பதிவையும் எல்லாருக்குமாக நீக்க முடியும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு, அது தாண்டிவிட்டது. சித்ராவாலும் இனி முடியாது. அவரவர் போனில் அவரவர் அழித்தால்தான் உண்டு. அதைக் கேட்டுக் குழுவில் எழுதினால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். என்னால் எடுக்க முடிந்தது என் இதயத்தை மட்டும். எடுத்தேன். யாருக்கும் எந்தத் தகவலும் போகவில்லை.

குத்தி வைத்த செய்தி இன்னும் மேலே இருக்கிறது. அதற்கு நான் கட்டைவிரல் போட்டுவிட்டேன். மற்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. அப்பா சொல்லித்தான் வந்தது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது, சொன்னால் அது மறுபடியும் அவர் வீட்டு விஷயத்தைக் குழுவில் போட்டதாகிவிடும். ஆக, அட்மினிடம் குட்டு வாங்கிய வெளிநாட்டுக்காரியாகவே அங்கே இருக்கிறேன். தண்ணீர் வரும் நேரம், மின்தடை அறிவிப்பு எல்லாம் படிக்கிறேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்கள் தெருவில் நாளைக்குக் குப்பை வண்டி வராது என்பது எனக்குத் தெரியும். அப்பா சாப்பிட்டாரா என்பது தெரியாது.

அப்பா சொன்னதற்கு ஒப்புக்கொண்ட பிறகும் சும்மா இருப்பது எளிதாகவில்லை. மாலையில் அவர் எடுக்காத நாட்களில் கை தானாகக் குழுவுக்குப் போகிறது. சமையலறையில் வேலை செய்கிறேன். செய்து முடித்த பாத்திரத்தை மறுபடி கழுவுகிறேன். இனியா சில சமயம் எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதே தரை மனதில் வருகிறது. வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதைத் துடைக்க யாரையும் அனுப்ப முடியாது.

போன வாரம் அப்படி ஒரு மாலை. மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது போன் அடித்தது. அப்பா.

“நேத்துக் கூப்புட்டயாட்ட இருக்குது.”

“ஆமாம்ப்பா.”

“சும்மாத்தானே?”

“சும்மாதாம்ப்பா.”

“சண்முகம் ஊட்ல எச்சா நேரமாயிருச்சு. அந்தாளு ஜோக்கரை ஒளிச்சு வெக்கறான் கண்ணு. மேனேஜரா இருந்தவன், பார்த்தா நம்பற மாதிரி மூஞ்சி. நேத்துக் கையும் களவுமாப் புடிச்சுட்டேன்” என்று ஆரம்பித்தார். மருந்தையும் சாப்பாட்டையும் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் என்னிடம் இவ்வளவு பேசிப் பல வருஷமாகிவிட்டது. நான் கேட்டதே அந்த இரண்டைத்தான்.

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். பேருந்தில் ஏறினால் சுரங்கப் பாதையில் சிக்னல் போய்விடும். வரவில்லை என்று தலையசைத்தேன். கதவு மூடியது, பேருந்து கிளம்பிப் போனது. அப்பா பேச்சில் அடுத்த ஆட்டத்துக்குப் போயிருந்தார்.